விடையோடு உறுதியையும் கேட்கலாமா?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்படுகின்றன. ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்கள் ஐந்து. 2020இல் தேர்வாணையம் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று இந்த ஐந்தாவது வட்டம். ‘விடை தெரியவில்லை’ என்பது அதன் பொருள். நாகூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ காரைக்கால் சாலையில் உள்ள ஏதோ ஒரு பள்ளிக்கோ தேர்வெழுதப் போகிற இளைஞர், விடை தெரியாத வினாவில் அந்த வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை வட்டம் நிரப்பினார் என்று எண்ணியும் எழுத வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தேர்வு இடம் கொடுத்துவிட்டதுபோல் இருக்கிறது.

கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 200 வினாக்கள், வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. தவறான விடைக்குக் கழிவு கிடையாது. விடையே தெரியாத வினாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வட்டத்தை நிரப்பினாலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தாவது வட்டத்தை நிரப்பினால் கிடைப்பது பூச்சியம். நேர்மையாகத் தெரியாது என்று சொல்பவருக்கு நட்டம் மட்டுமே மிஞ்சும் ஏற்பாடு இது. உண்மையில் அந்த வட்டம் தேர்வரின் மனத்தை அறிய வந்ததும் அல்ல. 2019 குரூப் 4 தேர்வில் கீழக்கரை, இராமேசுவரம் மையங்களை ஒட்டி வெளிவந்த முறைகேட்டுக்குப் பிறகு, காலியாக விடப்பட்ட இடத்தைப் பின்னால் யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. பூட்டு என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது தற்செயலாக ஒரு பழைய கேள்வியைத் தொட்டுவிட்டுப் போகிறது. தேர்வெழுதுபவருக்கு விடை மட்டுமல்ல, அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஓரளவு தெரியும். அதையும் சேர்த்துக் கேட்டு மதிப்பெண்ணில் கணக்கிட்டால் குருட்டாம்போக்கில் நிரப்புவது குறையுமா? தவறாகப் புரிந்துவைத்திருப்பது வெளியே தெரியுமா? ஏறத்தாழ நூறாண்டுகளாக இதற்கு விடை தேடப்படுகிறது. இவை இரண்டும் ஒரே கேள்வியாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்றதற்குக் கிடைப்பதைவிட உறுதியானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கழிவு என்ற முதல் விடை

ஊகத்தால் விளையும் கேடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 200 வட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புபவர் சராசரியாக 50 வினாக்களில் சரியாக அமைந்து 75 மதிப்பெண் பெறுவார். அவர் யாருடைய வேலையையும் பறித்துவிடப் போவதில்லை. குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணே 90. சிக்கல் அவரிடம் இல்லை, நன்றாகப் படித்த இருவரிடம்தான். இருவருக்கும் 180 வினாக்கள் தெரியும், 20 தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபதில் ஒருவருக்கு ஏழு வாய்த்து, மற்றவருக்கு மூன்றே வாய்ப்பது அசாதாரணமானதல்ல. அறிவில் சமமான இருவருக்கு இடையே 6 மதிப்பெண் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரு வினாவே தரவரிசையில் பல இடங்களை மாற்றிவிடும் போட்டியில் இது சிறிய விஷயம் இல்லை.

இதற்கு முதலில் சொல்லப்பட்ட தீர்வு கழிவு. அமெரிக்காவில் 1919இல் தர்ஸ்டன், 1924இல் ஹோல்சிங்கர் ஆகியோரின் எழுத்துகளிலேயே அதன் சூத்திரம் இருக்கிறது. நான்கு விடைகள் உள்ள வினாவில் ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண்ணைக் கழித்தால், வெறும் ஊகத்தின் சராசரி ஆதாயம் பூச்சியமாகிவிடும். மத்தியக் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் இன்றும் இதே கணக்குதான். ‘நெகட்டிவ் மார்க்’ என்று நாம் பயப்படுவது இதைத்தான்.

அந்தப் பயத்துக்கும் கணக்குக்கும் உள்ள இடைவெளிதான் இந்தத் தீர்வின் பலவீனம். நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. அங்கே ஊகம் நட்டமாக வேண்டுமென்றால் சரியாக அமையும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போக வேண்டும். நான்கு விடைகளில் எதுவும் தெரியாமல் தொட்டாலே வாய்ப்பு நாலில் ஒன்று. ஆக, நீட்டில் குருட்டாம்போக்கில் நிரப்புவதும் சராசரியாகப் பார்த்தால் ஆதாயம்தான், வினாவுக்குக் கால் மதிப்பெண். குடிமைப் பணித் தேர்வில் அந்த ஆதாயம் சரியாகப் பூச்சியம். அங்கேயும் நான்கில் ஒரு விடையைத் தள்ளிவிட முடிந்தால் ஊகிப்பதே லாபம். கணக்கு தெரிந்தவரைக் கழிவு தடுப்பதில்லை. கணக்கு தெரியாதவரையும் இயல்பிலேயே தயங்குபவரையும் மட்டுமே தடுக்கிறது. தேர்வுக் கூடத்தில் துணிந்து சூதாடும் போக்கு பாட அறிவிலிருந்து வேறான ஒரு குணம் என்று ஃபிரான்சஸ் ஸ்வைன்ஃபோர்ட் 1941இலேயே எழுதினார். கழிவு இருக்கும்போது பெண்கள் ஆண்களைவிட அதிக வினாக்களை விட்டுவிடுகிறார்கள், அதே அறிவுள்ள ஆண்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள் என்பதைக் கேத்ரின் பால்டிகாவின் 2014 ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு 2016இல் கழிவையே கைவிட்டது. கழிவைத் தூக்கியவுடன் ஊகம் திரும்பி வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் ஊகித்தால் அதிர்ஷ்டமாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்குமே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

உறுதிக்கு விலை வைப்பது

விட்டுவிடு அல்லது துணிந்து எழுது என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே பல படிகள் உண்டு என்பதே இரண்டாவது அணியின் தொடக்கம். கேட் ஹெவ்னர் 1932இல் சரி–தவறு வினாக்களில் மாணவர்களிடம் உறுதியையும் குறிக்கச் சொல்லி, அதை ஊகத்தைத் திருத்தும் வழியாக முன்வைத்தார். ஆனால் உறுதியாக இருக்கிறேன் என்று சொன்னால் கூடுதல் மதிப்பெண் என்று மட்டும் வைத்தால், எல்லோரும் எப்போதும் உறுதி என்றே சொல்வார்கள். எந்த அளவில் கூட்டினால், எந்த அளவில் கழித்தால், மனத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வதே ஒருவருக்கு அதிக ஆதாயமாகும் என்பதுதான் உண்மையான சிக்கல். இத்தாலியக் கணித அறிஞர் புரூனோ டி ஃபினெட்டி 1965இல் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான விடை தந்தது. நிகழ்தகவு என்பதே ஒருவர் எந்த விலைக்குப் பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறார் என்பதுதான் என்று வாதிட்டவர் அவர். அந்தப் பார்வையில் தேர்வுத் தாள் ஒரு பந்தயப் பட்டியல்.

இந்தத் தத்துவத்தை மாணவர் கையில் கொடுக்கத்தக்க எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடலியங்கியல் கற்பித்த டோனி கார்ட்னர்-மெட்வின் முக்கியமானவர். 1990களின் நடுவிலிருந்து அங்கு மருத்துவ மாணவர்களிடம் அவர் பயன்படுத்திய முறையில் மூன்றே உறுதி நிலைகள். முதல் நிலையைக் குறித்தால் சரியான விடைக்கு 1, தவறுக்கு 0. இரண்டாம் நிலையில் சரிக்கு 2, தவறுக்கு 2 கழிவு. மூன்றாம் நிலையில் சரிக்கு 3, தவறுக்கு 6 கழிவு. முதலில் பார்க்கும்போது கடைசிக் கழிவு கொடூரமாகத் தெரியும். அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. விடை சரியாக இருக்கும் வாய்ப்பு 67 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் முதல் நிலையிலும், 67 முதல் 80 வரை இரண்டாம் நிலையிலும், 80க்கு மேலே மூன்றாம் நிலையிலும்தான் சராசரி மதிப்பெண் அதிகம் வரும். பாதிக்குப் பாதிதான் உறுதி என்று இருப்பவர் மூன்றாம் நிலையைக் குறித்தால், இரண்டு வினாவில் ஒன்று சரியாகி 3 வரும், மற்றது தவறாகி 6 போகும். வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் நட்டம். அவரே முதல் நிலையைக் குறித்திருந்தால் வினாவுக்கு அரை மதிப்பெண் லாபம். பொய் சொன்னால் நட்டம் என்று ஆசிரியர் உபதேசிக்க வேண்டியதில்லை, சில தாள்கள் எழுதியதும் மாணவரே கண்டுகொள்வார். உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளில் இந்த முறை இன்று உள்ளேயே இருக்கிறது. சோதனை அமைக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இந்த முறையில் ஊகத்துக்குத் தண்டனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் நிலையில் ஊகித்துத் தவறினால் ஒன்றும் போவதில்லை. ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். அதனால் தயங்குபவர் வினாவை விட்டுவிட்டு இழப்பது குறைகிறது; துணிபவர் அளவுக்கு மீறிப் பெறுவதும் குறைகிறது. இதனால் தேர்வு மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை, அதாவது அதே மாணவரை மறுபடி சோதித்தால் அதே இடத்தில் வைக்கும் தன்மை, கூடுகிறது என்று 1965இல் ராபர்ட் எபெலும் பின்னர் லண்டன் குழுவும் பதிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் எச்சரிக்கை தேவை. கென்னத் ஹாப்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உறுதியைச் சேர்த்துக் கணக்கிட்டபோது நம்பகத்தன்மை கூடியது. ஆனால் அந்த மதிப்பெண் பாட அறிவை முன்பைவிடச் சரியாக அளக்கவில்லை. முரண்போலத் தோன்றினாலும் காரணம் எளிது. அடித்துச் சொல்லும் சுபாவம் உள்ளவர் எல்லா வினாவிலும் அடித்துச் சொல்வார், தயங்குபவர் எல்லாவற்றிலும் தயங்குவார். இந்த மாறாத சுபாவம் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிட்டால் அளவீடு சீராகத் தெரியும். சீராக அளக்கப்படுவது பாடம்தானா என்பது வேறு கேள்வி. ஹெவ்னர், எபெல் காலத்து முறைகளில் பலவற்றின் மதிப்பெண் விதி உண்மையைச் சொல்லத் தூண்டும் விதத்தில் அமைக்கப்படவில்லை என்பது லண்டன் அணியின் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தன் உறுதியை அளக்கப் பழகாத ஒருவர் முதல் தாளிலேயே அதைச் சரியாகச் சொல்லிவிடுவார் என்று அந்த விதி உறுதி தருவதில்லை. லண்டனிலும் மாணவர்கள் கணினியில் பல முறை பயிற்சி செய்த பிறகே இது தேர்வுக்கு வந்தது.

நெல்லின் எடை எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது அணிக்கு ஊகத்தைப் பற்றிக் கவலை இல்லை. உறுதியோடு சொல்லப்பட்ட தவறுதான் அதற்கு வேண்டும். 1999இல் ஹசன், பகயோகோ, கெல்லி ஆகிய மூவர் இயற்பியல் கற்பித்தலுக்காக ஓர் எளிய அளவுகோலைப் பரிந்துரைத்தார்கள். ஒவ்வொரு விடைக்கும் மாணவர் 0 முதல் 5 வரை ஓர் எண் இடுவார். 0 என்றால் முழு ஊகம், 5 என்றால் ஐயமே இல்லை. இதனால் மதிப்பெண் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தவறான விடையும் தாழ்ந்த எண்ணும் சேர்ந்தால் மாணவருக்குத் தெரியவில்லை. தவறான விடையும் உயர்ந்த எண்ணும் சேர்ந்தால் அவருக்கு வேறொன்று தெரியும், அது தவறு. இந்த இரண்டுக்கும் வகுப்பில் செய்ய வேண்டியது வேறுவேறு.

காவிரிக் கடைமடையில் எந்தப் பிள்ளைக்கும் அந்நியமில்லாத ஒரு பொருளை எடுத்துப் பார்க்கலாம். ஒரு விதைநெல் முளைத்து, பயிராகி, கதிர் முற்றி, அறுத்துக் காயவைத்த பின் அதன் உலர்ந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? வயல் மண், பாய்ச்சிய தண்ணீர், காற்று, போட்ட உரம் என்று நான்கு விடைகள். சரியான விடை காற்று. உலர்ந்த தாவரப் பொருளில் பெரும்பகுதி கார்பனும் ஆக்சிஜனும். ஒளிச்சேர்க்கையில் அவை இரண்டும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்து சேர்கின்றன. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் சேர்கிறது. தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் வெளியே போய்விடுகிறது. மண்ணிலிருந்து வருவது தாது உப்புகள். நெல் மற்றப் பயிர்களைவிட அதிகமாகச் சிலிக்காவை மண்ணிலிருந்து உறிஞ்சும், வைக்கோலின் சாம்பல் மிகுந்திருப்பது அதனால்தான். என்றாலும் பெரும்பகுதி காற்றுதான் என்பது மாறாது.

நாகூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் 40 பேர் கொண்ட வகுப்பில் இந்த வினாவைக் கொடுத்ததாக ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். 12 பேர் காற்று என்கிறார்கள். மண் 11, உரம் 13, தண்ணீர் 4. விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு நூற்றுக்கு 30 பேர் சரி. நாலில் ஒன்று தற்செயலாகவே வரும் என்பதால், வகுப்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்து பாடத்தை மறுபடி நடத்துவார். இப்போது உறுதி எண்ணைச் சேர்த்துப் பார்க்கலாம். காற்று என்ற 12 பேரில் 3 பேர்தான் 4 அல்லது 5 இட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் ஊகம். மண் என்றவர்களில் 8 பேரும், உரம் என்றவர்களில் 10 பேரும் 4 அல்லது 5 இட்டிருக்கிறார்கள். தண்ணீர் என்ற நால்வரும் ஒன்றோ இரண்டோதான். சரியான விடை சொன்னவர்களைவிடத் தவறான விடை சொன்னவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். இந்த வகுப்பில் இருப்பது அறியாமை இல்லை, ஒரு கொள்கை. உரம் போடாத வயல் சோர்ந்து நிற்பதை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உரமே பயிராக மாறுகிறது என்று தோன்றுவது முட்டாள்தனமும் இல்லை. விளைச்சலைக் கூட்டுவதும் எடையாக மாறுவதும் வேறுவேறு என்ற இடத்தில்தான் அந்தச் சிந்தனை வழுக்குகிறது.

அதே வகுப்பில், ஒளிச்சேர்க்கை செல்லின் எந்த நுண்ணுறுப்பில் நடக்கிறது என்ற வினாவுக்கும் 12 பேரே சரியான விடை சொன்னதாக வைத்துக்கொள்வோம். தவறியவர்கள் மற்ற மூன்று விடைகளிலும் பரவிக் கிடக்கிறார்கள், எல்லோரும் 0, 1 என்றே எண் இட்டிருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இரண்டு வினாக்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவதற்குப் பாடத்தை ஒருமுறை படிக்கச் சொன்னால் போதும். முதலாவதற்கு அது போதாது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தவறில்லாமல் எழுதிவிட்டு, உரம்தான் எடை என்று அதே பிள்ளை தொடர்ந்து நம்பும். அங்கே நம்பிக்கையை நேராகக் கணக்கோடு மோதவிட வேண்டும். ஒரு மூட்டை யூரியா போட்ட வயலில் எத்தனை மூட்டை நெல்லும் வைக்கோலும் வீட்டுக்கு வந்தது, மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வான் ஹெல்மான்ட் செய்ததும் இதுதான். ஒரு தொட்டியில் வில்லோ மரக்கன்றை ஐந்தாண்டு வளர்த்தார். மரம் சுமார் 74 கிலோ கூடியது, மண் 60 கிராம்கூடக் குறையவில்லை. மண் இல்லை என்று சரியாகக் கண்டவர், அப்படியானால் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவருடைய ஆய்வு 1648இல் வெளியானது. நமது வினாத்தாள் அவர் கையில் கிடைத்திருந்தால் தண்ணீர் என்று குறித்துப் பக்கத்தில் 5 இட்டிருப்பார்.

உறுதியான தவறு திருத்தவே முடியாத தவறு என்று ஒரு பயம் உண்டு. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் கண்டது இதற்கு நேர்மாறு. பொது அறிவு வினாக்களில் மிக உறுதியாகத் தவறியவர்களுக்குச் சரியான விடையைச் சொன்னபோது, அரைகுறை உறுதியோடு செய்த தவறுகளைவிட அவற்றையே அவர்கள் நன்றாகத் திருத்திக்கொண்டார்கள். எதிர்பாராத அதிர்ச்சி கவனத்தைத் திருப்பியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் பட்லர், ஃபாசியோ, மார்ஷ் ஆகியோர் 2011இல் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, திருத்தப்பட்ட விடை மறந்துபோன இடங்களில் பழைய உறுதியான தவறே தலைதூக்கக் கண்டார்கள். மேலும், ஒரு நாட்டின் தலைநகர் போன்ற தனித் தகவலைத் திருத்துவதும் ‘உரமே எடை’ போன்ற பின்னிக்கிடக்கும் கருத்தைத் திருத்துவதும் ஒன்றல்ல. வகுப்பறைக்குக் கிடைக்கும் பாடம், உறுதியான தவறைக் கண்டவுடன் திருத்திவிட்டு, சில நாள் இடைவெளியில் அதையே மறுபடி கேட்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மறுப்புகள்

உயர்ந்த எண்ணோடு வந்த தவறு எல்லாம் தவறான புரிதல் ஆகிவிடாது என்பது நியாயமான மறுப்பு. வினாவை அவசரத்தில் தவறாக வாசித்தவரும் உறுதியாகத்தான் தவறுவார். பிரித்தறிய ஒரு வழி உண்டு. தவறான புரிதல் ஒன்றிரண்டு குறிப்பிட்ட விடைகளில் கூட்டமாகச் சேரும், கவனக்குறைவு சிதறும். அந்தக் கூட்டத்தில் மற்ற வினாக்களில் நன்றாகச் செய்பவர்களே அதிகம் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாணவர்களை அல்ல, விடைக்குறிப்பை. தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. பிழையான வினாவைக் கண்டுபிடிக்க உறுதி எண் நல்ல கருவியாக இருக்கும் இடம் அது. இன்னொரு மறுப்பு, சரியான விடையைத் தவறான காரணத்துக்காக உறுதியோடு சொல்பவர் இந்த வலையில் சிக்கமாட்டார் என்பது. இதை உணர்ந்தே டேவிட் டிரெகஸ்ட் 1988இல் விடையோடு காரணத்தையும் கேட்கும் இரண்டு அடுக்கு வினாக்களை விளக்கினார். சிங்கப்பூரில் காலியோனும் சுப்பிரமணியமும் 2010இல் விடைக்கு ஓர் உறுதி, காரணத்துக்கு ஓர் உறுதி என்று அதை நான்கு அடுக்காக்கினார்கள். நுட்பமான முறை. ஆனால் பத்து வினாவுக்கு நாற்பது வட்டம் நிரப்ப வேண்டிய தாளை வாரந்தோறும் திருத்த எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது?

தன்னம்பிக்கை என்பது வீட்டையும் பாலினத்தையும் ஊரையும் பொறுத்த விஷயம், அதற்கு மதிப்பெண் கொடுப்பது ஏற்கெனவே பேசத் தயங்குபவரை இன்னொரு முறை தண்டிப்பது என்பது மேலும் கனமான மறுப்பு. லண்டன் குழு தம் மாணவர்களிடம் பாலின வேறுபாடு காணவில்லை என்று சொல்லியிருக்கிறது. அது பயிற்சி பெற்ற, தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவ மாணவர்களின் செய்தி. முதல் தலைமுறையாகத் தேர்வு எழுத வருபவருக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் இந்த மறுப்பு உறுதிக்கு மதிப்பெண் கொடுக்கும் முறைக்கு எதிரானது, உறுதியைக் கேட்டு வைத்துக்கொள்ளும் முறைக்கு எதிரானதல்ல.

எனக்கு மிகக் கனமாகப் படும் மறுப்பு, டி ஃபினெட்டியின் அடித்தளத்தையே தொடுவது. உண்மையைச் சொல்வதே ஆதாயம் என்ற கணக்கு, தேர்வர் தன் சராசரி மதிப்பெண்ணைக் கூட்டப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்கிறது. போட்டித் தேர்வில் யாரும் சராசரிக்காக எழுதுவதில்லை. கட்-ஆஃபைத் தாண்ட வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் தவறினாலும் இருபதில் தவறினாலும் ஒன்றுதான். லண்டன் விதிப்படி எழுதும் ஒருவருக்குக் கடைசிப் பத்து வினாக்கள் மிச்சம், கட்-ஆஃபைத் தொட இன்னும் 20 மதிப்பெண் வேண்டும் என்று வைப்போம். பத்திலும் அவருக்கு நூற்றுக்கு 70 உறுதி. நேர்மையாக இரண்டாம் நிலையைக் குறித்தால் சராசரியாக 8 மதிப்பெண் வரும். ஆனால் 20 வர வேண்டுமானால் பத்தும் சரியாக இருக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். பொய்யாக எல்லாவற்றுக்கும் மூன்றாம் நிலையைக் குறித்தால் சராசரி 3ஆகக் குறையும். ஆனால் ஒன்பது சரியாக அமைந்தாலே 27இல் 6 போக 21 வந்துவிடும். ஒன்பதோ பத்தோ சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. பொய் சொன்னால் வெற்றி வாய்ப்பு ஐந்து மடங்கு. இதைக் கண்டுபிடிக்க நம் பயிற்சி மையங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது. ஏற்கெனவே கட்-ஆஃபுக்கு மேலே பாதுகாப்பாக இருப்பவருக்கு இதன் எதிர்ப்பக்கம் பொருந்தும். நன்றாகத் தெரிந்த விடைக்கும் அவர் தாழ்ந்த நிலையைக் குறித்துத் தப்பிக்கப் பார்ப்பார். ஆக, கட்-ஆஃப் உள்ள தேர்வில் உறுதி எண் காட்டுவது அறிவை மட்டுமல்ல, தேர்வர் தான் எங்கே நிற்பதாக நினைக்கிறார் என்பதையும்தான். தவறான புரிதலை அதிலிருந்து படித்தெடுக்க முயல்வது வீண்.

இங்கேதான் இரண்டு நோக்கங்களும் பிரிகின்றன. ஊகத்தைத் தடுக்க வேண்டுமானால் உறுதியோடு மதிப்பெண்ணைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய கணத்திலேயே உறுதி ஒரு தந்திரமாக மாறுகிறது. தவறான புரிதலைக் காண வேண்டுமானால் தந்திரத்துக்கு இடமில்லாத சூழல் வேண்டும். வகுப்புத் தேர்வும் கல்லூரி மாதாந்தரச் சோதனையும் அப்படிப்பட்டவை. அவற்றிலும் ஒன்றுமே பணயம் இல்லையென்றால் மாணவர் எல்லாவற்றுக்கும் 3 என்று இட்டுவிட்டு எழுந்து போகலாம் என்ற குறை உண்டு. லண்டன் விதியின் உண்மையான பயன் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்-ஆஃப் இல்லாத, தரவரிசை இல்லாத, ஆனால் மதிப்பெண் என்று ஒன்று எழுதிப் போடப்படும் சிறு சோதனையில், யோசித்து உறுதியைக் குறிக்கப் போதுமான உந்துதலை அது தருகிறது. பொய் சொல்லத் தூண்டும் அளவுக்கு அழுத்தம் தருவதில்லை.

முடியாதவை

ஊகத்தைப் பற்றிய முதல் கேள்விக்கு, பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் உறுதி எண் தீர்வாகும் என்பதற்கான ஆதாரம் இப்போதைக்குப் போதாது என்றே சொல்ல வேண்டும். அங்கே வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், எளிதில் தள்ளிவிட முடியாத விடைகளை அமைப்பதும் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்கும் எளிய வழிகள். தவறான புரிதலைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கு ஆதாரம் வலுவானது. ஆனால் அதில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களிடமிருந்தும் ஆங்கில வழியில் எழுதியவர்களிடமிருந்தும் வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘ஓரளவு உறுதி’ என்பதை எந்த அளவாக எடுத்துக்கொள்கிறது, எத்தனை சோதனைக்குப் பிறகு அது நிலைபெறுகிறது, மூன்று நிலை போதுமா ஆறு வேண்டுமா என்பவை தமிழ்வழி வகுப்பறைகளில் சோதித்தே அறிய வேண்டியவை. அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் வினாவுக்குக் கீழே கூடுதலாக ஒரு வரிசைப் பொத்தான் வைத்தால் இதற்கான தரவு சேரத் தொடங்கும்.

தேர்வாணையத்தின் ஐந்தாவது வட்டத்திலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நட்டம் என்று தெரிந்தும் அதை எத்தனை பேர், எந்த வினாக்களில் நிரப்புகிறார்கள்? கடைசியில் நேரம் போதாதவர்களா, கணக்குத் தெரியாதவர்களா, தெரியாததைத் தொடக் கூடாது என்று நினைப்பவர்களா? வினாவாரியாக அந்த எண்ணிக்கையை வெளியிட்டால், கழிவே இல்லாத தேர்விலும் ஊகிக்கத் தயங்குபவர் யார் என்பதற்கு நம்மிடையே இருந்தே ஒரு விடை கிடைக்கும். விடைத்தாளை எண்ணும் கருவி அந்த எண்ணிக்கையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.